பார்லர் சுவரில் மாட்டும் சுத்தப் பட்டியல்: என்ன எழுதினால் நம்புவார்கள்?

மருதாணி, தஞ்சாவூர் | 12 மார்ச் 2024, காலை 10.20

இரண்டு நாற்காலி உள்ள சின்ன லேடீஸ் பார்லர் நடத்துகிறேன். த்ரெடிங், வேக்சிங், பெடிக்யூர், கல்யாண மேக்கப். போன வாரம் பெடிக்யூருக்கு வந்த ஒருவர் நகத்தோரத் தோலை வெட்டும் நிப்பரைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதை எப்போ கழுவினீங்க?" என்று கேட்டார். வேலை பார்க்கும் பெண் "இப்பத்தான் மேடம்" என்றாள். அவர் முகம் நம்பிய முகமாக இல்லை.

அதனால் தினசரிப் பட்டியல் ஒன்று போட்டு, செய்தவர் கையெழுத்தோடு வரவேற்பு மேசைக்கு மேலே மாட்டலாம் என்று இருக்கிறேன். தரை, கண்ணாடி, நாற்காலி, டவல், கால் டப்பு, கருவிகள், வேக்ஸ் ஹீட்டர் என்று எழுதப்போய் பதினெட்டு வரி வந்துவிட்டது. எதை வைக்கலாம், எதை எடுக்கலாம்? ஏற்கெனவே மாட்டியிருப்பவர்கள் சொல்லுங்கள்.

கோவை செல்வி | 12 மார்ச், காலை 11.05

பதினெட்டு வரியா! யாரும் படிக்க மாட்டார்கள். நான் யு.வி. பெட்டி வாங்கி எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்துவிட்டேன். கருவியை உள்ளே போட்டு 20 நிமிடம் விட்டால் கிருமி போய்விடும். நீல வெளிச்சத்தைப் பார்த்தாலே வருகிறவர்களுக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது. தாளும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம்.

வீட்டுக்காரம்மா | 12 மார்ச், பகல் 12.40

எனக்கும் இப்படி ஒரு லிஸ்ட் வேண்டும். வேலைக்கு வரும் அம்மா பாத்ரூம் டைல்ஸைத் தேய்ப்பதே இல்லை. உப்புக்கறை போக ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் கலந்து ஊற்றலாமா?

தியேட்டர் சிஸ்டர் | 12 மார்ச், பகல் 1.15

முதலில் வீட்டுக்காரம்மாவுக்கு: கலக்கவே கூடாது. ஆசிட்டும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். பூட்டிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

அடுத்து செல்விக்கு. நான் அரசு மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டர் கருவிகளைக் கழுவி, அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைக்கும் பிரிவில் பல வருடம் இருந்து ஓய்வு பெற்றவள். யு.வி. வெளிச்சம் எங்கே படுகிறதோ அங்கே மட்டும்தான் வேலை செய்யும். நிப்பரின் மூட்டுக்குள் படாது, அடிப்பக்கம் படாது, ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் கீழே இருப்பதில் படவே படாது. ஏற்கெனவே சுத்தமான கருவியைத் தூசி படாமல் வைக்க அது நல்ல பெட்டி. அழுக்குக் கருவியைப் போட்டு எடுத்தால் அழுக்குக் கருவிதான் திரும்ப வரும்.

கோவை செல்வி | 12 மார்ச், பகல் 1.50

விற்றவர் ஸ்டெரிலைசர் என்றுதானே சொல்லி விற்றார்! சரி, கொதிக்கிற தண்ணீரில் பத்து நிமிடம் போட்டால்? என் அம்மா காலத்தில் ஊசியையே அப்படித்தான் செய்தார்கள்.

தியேட்டர் சிஸ்டர் | 12 மார்ச், பகல் 2.30

பாதி சரி. ஒன்றுமே இல்லாததற்குக் கொதிநீர் எவ்வளவோ மேல், பெரும்பாலான கிருமிகள் அதில் செத்துவிடும். ஆனால் சில பாக்டீரியாக்கள் கெட்டி ஓடு போட்டு உறங்கும் ஸ்போர் நிலையில் 100 டிகிரிக்கும் அசையாது. பத்து நிமிடமும் போதாது, தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பிறகு 20 நிமிடம் வேண்டும். நடுவில் இன்னொரு கருவியைப் போட்டால் நேரத்தை முதலிலிருந்து எண்ண வேண்டும். கடையில் யாரும் அப்படி எண்ணிப் பார்த்ததில்லை.

அதைவிட முக்கியம், எதில் போட்டாலும் அதற்கு முன் சோப்புத் தண்ணீரில் பிரஷ் வைத்துத் தேய்ப்பது. மூட்டில் காய்ந்த தோலும் ரத்தமும் ஒட்டியிருந்தால் மருந்தும் உள்ளே இறங்காது, நீராவியும் சரியாகப் படாது. பிளீச் கரைசல் அந்த அழுக்கில் பட்டே வீரியம் இழந்துவிடும். மருதாணி, உங்கள் பதினெட்டு வரியில் "பிரஷால் தேய்த்தாயிற்று" என்று ஒரு வரி இருக்கிறதா?

சவரக்கத்தி, திண்டுக்கல் | 12 மார்ச், மாலை 4.10

நம்ம கடையில் இந்தப் பிரச்சினையே இல்லை. ஆள் உட்கார்ந்ததும் உறையோடு பிளேடை எடுத்து அவர் கண் முன்னால் இரண்டாக உடைத்து, பாதியைக் கத்தியில் மாட்டுவேன். அவர் கண்ணால் பார்த்துவிட்டார், அப்புறம் என்ன பட்டியல்?

தியேட்டர் சிஸ்டர் | 12 மார்ச், மாலை 4.35

அண்ணே, கண் முன்னால் செய்வதற்கு இணையான தாள் எதுவும் கிடையாது, அதில் உங்கள் பக்கம்தான் நான். ஒரு கேள்வி: வெட்டுப்பட்டால் என்ன தடவுகிறீர்கள்?

சவரக்கத்தி, திண்டுக்கல் | 12 மார்ச், மாலை 4.38

படிகாரக்கல்.

தியேட்டர் சிஸ்டர் | 12 மார்ச், மாலை 4.52

ஒரே கல்லா? ரத்தம் வரும் இடத்தில் தேய்த்துவிட்டு அடுத்தவர் கன்னத்திலும் அதே கல்லா? ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த ரத்தத்தில் ஏழு நாள் வரைக்கும் உயிரோடு இருக்கும். பிளேடு புதுசு, கல் பழசு. படிகாரத்தைப் பொடி செய்து வைத்துக்கொண்டு, பஞ்சில் கொஞ்சம் தொட்டுத் தடவி, பஞ்சைக் குப்பையில் போடுங்கள். பிளேடு மாட்டும் கத்தியையும் கழுவித் துடைக்க வேண்டும், ரத்தம் அங்கேயும் ஏறும்.

சவரக்கத்தி, திண்டுக்கல் | 12 மார்ச், மாலை 5.20

இதை யாரும் கேட்டதே இல்லை. தாத்தா காலத்துக் கல் அது. சரி, பொடி பார்க்கிறேன்.

வரவுசெலவு | 12 மார்ச், இரவு 9.15

நான் வாடிக்கையாளர் பக்கம். கணக்குத் தணிக்கை வேலை. எங்கள் ஊரில் ஒரு பார்லரில் (பெயர் வேண்டாம்) இதே மாதிரித் தாள் மாட்டியிருந்தார்கள். முகூர்த்த நாளுக்கு முந்தைய சாயங்காலம், காலை டப்பில் வைத்துக்கொண்டு சும்மாதான் இருந்தேன், தாளைப் படித்தேன்.

கடை காலை 10 முதல் மாலை 6 வரை. தாளின் தலைப்பில் அவர்களே பெருமையாக எழுதியிருந்தார்கள்: ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கழுவி, ஆட்டோகிளேவ் செய்து, உலர்த்தித் தருகிறோம், அதற்கு 55 நிமிடம். அன்றைக்கு பெடிக்யூர் 14 பேருக்கு. 14 டிக், 14 கையெழுத்து. தட்டில் இருந்தது இரண்டே செட் கருவி.

ஒருவருக்கு 45 நிமிடம் வேலை, பிறகு 55 நிமிடம் சுத்தம், ஆக ஒரு செட் ஒரு சுற்று வர 100 நிமிடம். காலை பத்துக்குத் தொடங்கினால் 10.00, 11.40, 1.20, 3.00, 4.40 என்று ஒரு செட்டை ஐந்து பேருக்குத்தான் எடுக்க முடியும். இரண்டு செட்டுக்குப் பத்துப் பேர், அதுவும் ஒரு நிமிடம்கூட வீணாகாமல் இருந்தால். மீதி நாலு டிக் எங்கிருந்து வந்தது?

கேட்டேன். "மேடம் ரொம்பப் படிச்சவங்க போல" என்று சிரித்தார்கள். தாளே இல்லாமல் இருந்திருந்தால் எனக்குச் சந்தேகமே வந்திருக்காது.

மருதாணி, தஞ்சாவூர் | 12 மார்ச், இரவு 10.05

ஐயோ. என்னிடம் இருப்பதும் இரண்டு செட்தான். நல்லவேளை இன்னும் மாட்டவில்லை. சிஸ்டர், அந்த 55 நிமிடம் சரியான கணக்கா?

தியேட்டர் சிஸ்டர் | 13 மார்ச், காலை 6.40

குக்கர் மாதிரி மேல்மூடி போட்ட சின்ன ஆட்டோகிளேவ் என்றால் ஏறக்குறைய சரி. தேய்த்துக் கழுவ ஐந்து நிமிடம், சூடேற பத்து, 121 டிகிரியில் 20 நிமிடம் நிற்க வேண்டும், பிறகு அழுத்தம் இறங்கி உலர இன்னொரு 20. இது கருவியைச் சுற்றாமல் அப்படியே தட்டில் வைத்தால். துணியிலோ உறையிலோ சுற்றினால் நிற்கும் நேரம் 30 நிமிடம்.

இரண்டு இடத்தில் ஏமாறுவார்கள். ஒன்று, அடுப்பில் வைத்த நொடியிலிருந்து எண்ணுவது. அழுத்தமானி 15 பவுண்டைத் தொட்ட பிறகுதான் எண்ணத் தொடங்க வேண்டும். இரண்டு, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றாமல் வால்வை மூடுவது. காற்று மாட்டிக்கொண்டால் அழுத்தம் காட்டும், உள்ளே சூடு அந்த அளவு இருக்காது. ஆவி சீராகச் சீறிக்கொண்டு வரும்வரை வால்வைத் திறந்து வையுங்கள். நிப்பரின் வாய் திறந்தே இருக்கட்டும்.

"மூன்று விசில் வந்தால் எடுத்துவிடலாமா" என்று கேட்பவர்களுக்கு: அது பருப்புக்கு.

வேலை பார்க்கிறவள் | 13 மார்ச், மதியம் 2.45

எல்லோரும் கடைக்காரர் பக்கம், வாடிக்கையாளர் பக்கம் பேசுகிறீர்கள். கையெழுத்துப் போடுவது நாங்கள். நான் இருந்த ஒரு கடையில் தாள் வந்த நாளிலிருந்து, யாராவது புகார் சொன்னால் ஓனர் தாளைத்தான் எடுப்பார்: "நீதானே கையெழுத்துப் போட்டிருக்கே?" கூடுதல் செட் வாங்கித் தரமாட்டார், அடுத்த ஆளை உட்கார வைத்துவிட்டு "சீக்கிரம் சீக்கிரம்" என்பார். நாங்கள் என்ன செய்வோம்? ராத்திரி பஸ்ஸுக்கு ஓடும் முன் ஒரே பேனாவில் காலையிலிருந்து சாயங்காலம் வரை டிக் போட்டுவிட்டுப் போவோம். வார லீவு நாளுக்கும் சேர்த்து டிக் போட்ட பெண்ணை எனக்குத் தெரியும்.

வரவுசெலவு | 13 மார்ச், மதியம் 3.30

இதைத்தான் சொல்ல வந்தேன். பொய்த் தாளைக் கண்டுபிடிக்க வேதியியல் தெரிய வேண்டாம். மை ஒரே நிறம், எழுத்து ஒரே சாய்வு, நேரம் எல்லாம் 11.00, 12.00, 1.00 என்று முழு எண்ணில் இருக்கும். காலியிடமே இருக்காது. உண்மையாக எழுதிய தாளில் 11.37 இருக்கும், ஒரு அடித்தல் இருக்கும், "கரண்ட் இல்லை, சுற்று பாதியில் நின்றது, மறுபடி வைத்தோம்" என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியைப் பார்த்தால் நான் மீதியையும் நம்புவேன்.

கோவை செல்வி | 13 மார்ச், மாலை 5.00

அப்படி எழுதினால் வருகிறவர்கள் பயந்து ஓடிவிடுவார்கள். நம் ஊரில் "கரண்ட் போச்சு" என்று சுவரில் எழுதி ஒட்ட யாருக்குத் தைரியம் வரும்?

ஃப்ரீமாண்ட்வாசி | 13 மார்ச், இரவு 11.50

நான் இருக்கும் கலிஃபோர்னியாவில் கால் டப்புக்கு இது சட்டமே. பெடிக்யூர் தொட்டியை எந்தத் தேதியில், எத்தனை மணிக்குக் கழுவி மருந்திட்டார்கள் என்று குறிப்பேட்டில் எழுத வேண்டும். வாடிக்கையாளர் கேட்டாலும் காட்ட வேண்டும். சுவரில் மாட்டச் சொல்லவில்லை, கேட்டால் காட்டு, அவ்வளவுதான்.

இது வந்த கதை பெரியது. 2000-ல் வாட்சன்வில் என்ற ஊரில் ஒரே நக சலூனுக்குப் போன நூறு பேருக்கும் மேல் முழங்காலுக்குக் கீழே கட்டி கட்டியாக வந்தது, பலருக்கு மாதக்கணக்கில் ஆறவில்லை. தண்ணீரைச் சுழற்றும் தொட்டியில், நீரை உள்ளிழுக்கும் சல்லடைக்குப் பின்னால் முடியும் தோலும் சேர்ந்து கிடந்திருக்கிறது. அங்கே மைக்கோபாக்டீரியா என்ற வகைக் கிருமி வளர்ந்திருந்தது. போவதற்கு முன் காலை ஷேவ் செய்தவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம் என்றும் தெரிந்தது. தொட்டி பளபளவென்றுதான் இருந்திருக்கும், யாரும் அழுக்குத் தொட்டியில் காலை விடமாட்டார்கள்.

மருதாணி, தஞ்சாவூர் | 14 மார்ச், காலை 9.30

எங்களிடம் சுழற்றும் தொட்டி இல்லை, சாதாரண பிளாஸ்டிக் டப்புதான். ஒருவர் முடித்ததும் கொட்டி, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கவிழ்க்கிறோம். சல்லடைப் பயம் இல்லை. ஆனால் வேக்சிங், பெடிக்யூர் இரண்டுக்கும் வருகிறவர்களிடம் வரிசையை விடாமல் பிடிப்பேன் இனிமேல். பெடிக்யூர் முதலில், வேக்சிங் பிறகு.

நேற்று ராத்திரி எல்லாவற்றையும் படித்துவிட்டுக் கணக்குப் போட்டேன். வேறு வழி தோன்றியது: ஒவ்வொருவருக்கும் நடுவில் சுத்தம் செய்ய ஓடுவதற்குப் பதிலாக, ஒரு நாளைக்கு வேண்டிய அத்தனை செட்டையும் வாங்கிவிட்டால்? எனக்குப் பெடிக்யூர் சாதாரண நாளில் ஆறு பேருக்கு மேல் வருவதில்லை. ஆளுக்கு ஒரு கிளிப்பர், ஒரு நிப்பர், ஒரு புஷர். எட்டு செட் இருந்தால் இரண்டு உபரி. கடை மூடும்போது ஒரே சுற்றில் எல்லாம் உள்ளே.

தியேட்டர் சிஸ்டர் | 14 மார்ச், காலை 10.15

நாங்கள் தியேட்டரில் செய்ததும் அதுதான். அவசரத்தில் ஸ்டெரிலைஸ் செய்ததாக யாராவது சொன்னால் நான் நம்பவே மாட்டேன், செட் எண்ணிக்கையைக் கூட்டு என்றுதான் சொல்வேன். இன்னொரு நல்லதும் உண்டு. காகித உறையில் போட்டு மூடி ஆட்டோகிளேவ் செய்தால், சவரக்கத்தி அண்ணன் பிளேடு உடைப்பது போல நீங்களும் வாடிக்கையாளர் எதிரில் உறையைக் கிழிக்கலாம். ஆனால் உறை என்பதால் 30 நிமிடம். எடுக்கும்போது உறை ஈரமாக இருந்தால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள், ஈரக் காகிதம் வழியாகக் கிருமி உள்ளே போகும்.

துருப்பிடிக்கும் மலிவு நிப்பரை எட்டு வாங்காதீர்கள். ஸ்டீல் நல்லதாக இருக்கட்டும், பிளீச்சில் ஊற வைக்காதீர்கள், அரித்துவிடும். மரக்குச்சி, உப்புத்தாள் நக ஃபைல், பஃபர் எதுவும் ஆட்டோகிளேவுக்கு ஆகாது. ஒருவருக்கு ஒன்று, முடிந்ததும் அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

வேலை பார்க்கிறவள் | 14 மார்ச், பகல் 12.20

கடை மூடும்போது ஒரு சுற்று என்றால் ஒன்றேகால் மணி நேரம் யார் உட்காருவது? எட்டரை பஸ்ஸை விட்டால் எனக்கு அடுத்தது இல்லை.

மருதாணி, தஞ்சாவூர் | 14 மார்ச், பகல் 12.45

காலையில் திறந்ததும் வைத்தால்? நான்தான் முதலில் வருகிறேன், கோலம் போட்டு, சாமிக்கு விளக்கேற்றி முடிக்கும்போது பாதி நேரம் ஓடிவிடும்.

தியேட்டர் சிஸ்டர் | 14 மார்ச், பகல் 1.10

வைக்கலாம். ஆனால் தேய்த்துக் கழுவுவதை ராத்திரிக்கு விடாதீர்கள், அழுக்கு காய்ந்துவிட்டால் காலையில் பிரஷுக்கு வராது. ஒவ்வொருவர் முடிந்ததும் சோப்புத் தண்ணீரில் போட்டு, அப்போதைக்கப்போதே தேய்த்து உலர்த்திவிட்டால், மூடும்போது வேலை ஒன்றும் மிச்சம் இருக்காது.

தாளில் ஒட்ட ஆட்டோகிளேவ் டேப் வாங்குங்கள். சூடு பட்டால் அதில் கறுப்புக் கோடு வரும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துண்டு.

வேலை பார்க்கிறவள் | 14 மார்ச், பகல் 1.25

ஒரே சுற்றில் பத்துத் துண்டு போட்டு எடுத்துவைத்தால் பத்து நாளைக்கு ஒட்டலாம். சும்மா சொன்னேன் சிஸ்டர் 🙂

தியேட்டர் சிஸ்டர் | 14 மார்ச், பகல் 2.00

சும்மா சொல்லவில்லை நீ, செய்து பார்த்தவள் பேச்சு இது! உள்ளே போகும் முன் டேப்பில் பென்சிலால் தேதி எழுதச் சொல்வோம் நாங்கள். அதையும் ஏமாற்ற மனசிருந்தால் ஏமாற்றலாம். டேப்புக்கு இன்னொரு குறையும் உண்டு: சூடு பட்டது என்று மட்டும் சொல்லும், 30 நிமிடம் நின்றதா என்று சொல்லாது. அதற்கு உறைக்குள் போடும் இண்டிகேட்டர் ஸ்ட்ரிப் இருக்கிறது. அதைவிட உறுதி ஸ்போர் சோதனை: எளிதில் சாகாத ஸ்போர் உள்ள ஸ்ட்ரிப்பை கருவியோடு வைத்து எடுத்து, லேபில் கொடுத்து வளர்கிறதா என்று பார்ப்பது. மருத்துவமனையில் வாரந்தோறும் வைப்போம். பார்லரில் புது மெஷின் வாங்கியபோதும் பழுது பார்த்த பிறகும் ஒருமுறையாவது வைத்துப் பாருங்கள்.

மருதாணி, தஞ்சாவூர் | 15 மார்ச், காலை 8.50

பதினெட்டு வரி நாலாகிவிட்டது. தரை, கண்ணாடி எல்லாம் எடுத்துவிட்டேன், அது கண்ணுக்கே தெரியும்.

ஒன்று: இன்று காலைச் சுற்றில் எத்தனை உறை, அழுத்தம் 15-ஐத் தொட்ட நேரம், அணைத்த நேரம், டேப்.
இரண்டு: ஒவ்வொரு பெடிக்யூருக்கும் உறை பிரித்த நேரம். வாடிக்கையாளர் பெயர் வேண்டாம், அவர் விரும்பினால் இனிஷியல் போடட்டும்.
மூன்று: டப்பு கழுவிய நேரம்.
நாலு: "இன்று நடக்காதது" என்று ஒரு காலிக் கட்டம்.

காலைச் சுற்றுக்குக் கீழே என் கையெழுத்து. உறை பிரிப்பதற்குப் பிரித்தவர் கையெழுத்து. மாலையில் உறைகளை எண்ணினால் காலையில் போனது, பிரித்தது, மிச்சம் மூன்றும் ஒத்துவர வேண்டும்.

வரவுசெலவு | 15 மார்ச், காலை 9.20

இது ஸ்டாக் ரெஜிஸ்டர். எனக்குப் பிடித்திருக்கிறது.

கோவை செல்வி | 15 மார்ச், காலை 10.40

நாலாவது கட்டத்தில்தான் எனக்கு இன்னும் ஒப்பவில்லை. யு.வி. பெட்டியையும் எடுக்கப் போவதில்லை, கழுவிய கருவியை அதில் வைக்கிறேன், போதுமா சிஸ்டர்? அப்புறம் ஒன்று கேட்கிறேன். த்ரெடிங் செய்யும்போது நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொள்கிறோமே, அது எந்தத் தாளில் வரும்?

தியேட்டர் சிஸ்டர் | 15 மார்ச், காலை 11.00

எந்தத் தாளிலும் வராது. கழுத்தில் மாட்டிக்கொண்டு இழுக்கப் பழகியவர்கள் இருக்கிறார்கள், பழகுங்கள். பல்லில்தான் என்றால் ஆளுக்கு ஆள் புது நூல். வேக்ஸ் குச்சியும் அப்படித்தான், ஒருமுறை தோலில் பட்டது மறுபடி டின்னுக்குள் போகக் கூடாது.

வேலை பார்க்கிறவள் | 15 மார்ச், பகல் 1.30

கழுத்தில் மாட்டினால் நாள் முழுக்க நூல் அறுத்து பின்கழுத்தில் கோடு விழும் சிஸ்டர். காலர் வைத்த சுடிதார் போட்டால் கொஞ்சம் பரவாயில்லை. மருதாணி அக்கா, உங்கள் கடையில் ஆள் வேண்டுமா? காலைச் சுற்றுக்கு ஓனரே கையெழுத்துப் போடும் கடையை நான் பார்த்ததில்லை.

மருதாணி, தஞ்சாவூர் | 15 மார்ச், பகல் 1.42

தஞ்சாவூர் பக்கமா? தனிச்செய்தியில் நம்பர் அனுப்பும்மா.